தண்ணி குடிக்கலாமா?

(சிறுதொழில் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ பக்கத்தை எப்படி எழுதினால் போன் குறையும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஜவுளிக்கடைக்காரர் இருக்கிறார், டிராவல்ஸ் வைத்திருப்பவர் இருக்கிறார், குடிநீர் மெஷின் சர்வீஸ் செய்பவர் இருக்கிறார். எல்லோருக்கும் பொதுவாகப் பேசினால் யாருக்கும் உதவாது. அதனால் ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு போகிறேன். ரத்தப் பரிசோதனை லேப். நம் எல்லோருக்கும் அங்கே போன அனுபவம் உண்டு. போவதற்கு முந்தின இரவு ஒரு சந்தேகம் வந்து போன் செய்த அனுபவமும் உண்டு. நான் பார்த்த சில லேப்களைச் சேர்த்து ஒரே லேப்பாகச் சொல்கிறேன்.

நடுத்தர ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெரு. காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள். ஏழிலிருந்து ஒன்பதரை வரை கூட்டம், ஏனென்றால் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். ரிசப்ஷனில் ஒரே ஒரு பெண். பில் போடுவது அவர், டோக்கன் கொடுப்பது அவர், சீட்டில் டாக்டர் கிறுக்கியிருப்பதைப் படித்து எந்த டெஸ்ட் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர். போன் எடுப்பதும் அவரே. எதிரே பத்துப் பேர் பசியோடு நிற்கும்போதுதான் போன் அதிகமாக அடிக்கிறது. ஒரு போனுக்கு 3 நிமிடம் என்று வையுங்கள். காலையில் 20 போன் வந்தால் முழுசாக ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அவசரத்தில் பில்லில் டெஸ்ட் பெயர் மாறுவதும், வயது தப்பாக ஏறுவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

இந்த லேப்புக்கு ஏற்கெனவே ஒரு கேள்வி-பதில் பக்கம் இருந்தது. முதல் கேள்வி: ‘உங்கள் ஆய்வகத்தின் தனிச்சிறப்பு என்ன?’ இரண்டாவது: ‘நீங்கள் எவ்வகை நவீனக் கருவிகளைப் பயன்படுத்துகிறீர்கள்?’ மூன்றாவது தரச்சான்று பற்றி. உலகத்தில் எந்த மனிதராவது காலை ஆறே முக்காலுக்கு லேப்புக்கு போன் போட்டு, உங்கள் தனிச்சிறப்பு என்ன என்று கேட்டிருப்பாரா? இவை முதலாளி கேட்கப்பட வேண்டும் என்று ஆசைப்படும் கேள்விகள். விளம்பரத்தை எடுத்து, ஒவ்வொரு பத்திக்கு முன்னாலும் ஒரு கேள்விக்குறி வைத்த வேலை. நம் ஊரில் பத்துக்கு ஒன்பது பக்கங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

இன்னொரு காரணத்துக்காகவும் இப்படி எழுதித் தள்ளினார்கள். கூகுளில் தேடும்போது சில தளங்களின் பெயருக்குக் கீழே கேள்விகள் விரிந்து தெரியும். அந்த இடத்துக்கு ஆசைப்பட்டு, யாரும் கேட்காத கேள்விகளை டஜன் கணக்கில் உண்டாக்கினார்கள். 2023 ஆகஸ்டில் கூகுள் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஆசைக்காக எழுதியவை அப்படியே கிடக்கின்றன. படிப்பாரும் இல்லை, அழிப்பாரும் இல்லை.

சரி, உண்மையான கேள்விகள் எங்கே கிடைக்கும்? ரிசப்ஷன் மேஜையில். அங்கே ஒரு நோட்டு வைத்தோம். மூன்று கட்டம்: போன் வந்த நேரம், கேட்டவர் சொன்ன வார்த்தை, கொடுத்த பதில். இரண்டாவது கட்டத்தில்தான் கண்டிப்பு. ‘ஃபாஸ்டிங் பற்றி விசாரித்தார்’ என்று எழுதக்கூடாது. அவர் வாயிலிருந்து வந்தது எதுவோ அதை அப்படியே எழுத வேண்டும். கூட்ட நேரத்தில் முழுசாக எழுத முடியாது. நாலு வார்த்தை போதும். இரண்டு வாரம் எழுத வேண்டும் என்றோம். ஒரு வாரம் போதாது. மாதத் தொடக்கத்தில் சம்பளம் வாங்கி மொத்த செக்கப்புக்கு வருகிறவர் கேட்பது வேறு, மாத நடுவில் காய்ச்சலோடு வருகிறவர் வீட்டில் கேட்பது வேறு.

அந்த நோட்டிலிருந்து சில வரிகளை வாசிக்கிறேன். “வெறும் வயித்துலதான் வரணுமா?” “தண்ணி குடிக்கலாமா?” “பல்லு வெளக்கலாமா?” “சீனி போடாம டீ குடிச்சா பரவால்லையா?” “தெரியாம ஒரு பிஸ்கட் சாப்ட்டுட்டேன், வரலாமா வேணாமா?” “ராத்திரி லேட்டா சாப்ட்டேன், எத்தன மணிக்கு வரணும்?” “ரிப்போர்ட் ரெடியா?” “வீட்ல வந்து எடுப்பீங்களா, அப்பாவால நடக்க முடியாது.” “சுகர் மாத்திர போட்டுட்டு வரலாமா?” “ஞாயித்துக்கெழம உண்டா?” “மூணு மாச சுகர் எவ்ளோ ஆவும்?”

இவற்றைப் பிரிப்பதுதான் அடுத்த வேலை. வார்த்தையைப் பார்த்துப் பிரித்தால் தண்ணீர், பல், டீ, பிஸ்கட் எல்லாம் தனித்தனிக் கேள்வி. உள்ளே இருக்கும் சந்தேகத்தைப் பார்த்தால் ஒன்றுதான்: எதைச் செய்தால் வெறும் வயிறு கெட்டுப்போகும்? எனவே இவை ஒரே பதிலின் கீழே வர வேண்டியவை. ஆனால் பிஸ்கட் சாப்பிட்டவர் கேட்பது மட்டும் வேறு. அவருக்கு விதி தெரியும். விதி மீறிப்போச்சு, இப்போது என்ன செய்வது என்று கேட்கிறார். பெரும்பாலான பக்கங்கள் விதியைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. போன் வருவது விதி மீறிய பிறகுதான்.

“ரிப்போர்ட் ரெடியா?” நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. முதலாளி இதற்கும் ஒரு பதில் எழுதச் சொன்னார்: ‘அறிக்கைகள் பொதுவாக அதே நாளில் வழங்கப்படும்.’ நான் வேண்டாம் என்றேன். கேட்பவர் பொதுவாகக் கேட்கவில்லை. என் ரிப்போர்ட், இப்போது, ரெடியா என்று கேட்கிறார். அதற்கு எந்தப் பக்கமும் பதில் சொல்ல முடியாது. ஜான் செடன் என்ற பிரிட்டிஷ் நிர்வாக ஆலோசகர் இந்த மாதிரி அழைப்புகளைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒரு நிறுவனம் செய்ய வேண்டியதைச் செய்யாததால், அல்லது சரியாகச் செய்யாததால் பிறக்கும் அழைப்புகள் என்கிறார். ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று சாம்பிள் கொடுத்தபோதே சொல்லியிருந்தால் இந்த போன் ஏன் வருகிறது?

அதனால் பில்லை மாற்றினோம். ஒவ்வொரு டெஸ்ட் பெயருக்கும் நேராக ‘இன்று மாலை 6 மணிக்குமேல்’ என்று அச்சாகும்படி செய்தார்கள். சிறுநீர் கல்ச்சருக்கு மட்டும் மூன்று நாள் தள்ளித் தேதி அச்சாகும். கிருமி இருந்தால் அது தட்டில் வளர்ந்து தெரிய வேண்டும். எது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று மறுபடி பார்க்க வேண்டும். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கிருமி அதன் வேகத்தில்தான் வளரும். இதைப் பில் போடும்போதே ஒரு வரி சொன்னால், மறுநாள் காலை “ஏன் இன்னும் வரல?” என்ற கோபமான போன் வராது. ரிப்போர்ட் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் போய்விடும். கேள்வி-பதில் பக்கத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘உங்கள் பில்லில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் நேரம் போட்டிருக்கிறது, அந்த நேரம் தாண்டியும் மெசேஜ் வராவிட்டால் கூப்பிடுங்கள்.’

ஆக, நோட்டில் இருப்பதெல்லாம் பக்கத்துக்கு வராது. சிலவற்றுக்கு வேலையைத் திருத்த வேண்டும். பக்கம் எழுதுகிறவருக்கு அந்த அதிகாரம் இருக்காது; முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நடக்கும்.

இனி, ஒரு பதிலை எழுதும் வேலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். வெறும் வயிறு பற்றி லேப் டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்தது இது:

‘குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கு நோயாளிகள் 8 முதல் 12 மணி நேரம் வரை உணவு உட்கொள்ளாத நிலையில் வருதல் அவசியம். மேலும் விவரங்களுக்கு எங்களைத் தொடர்பு கொள்ளவும்.’

ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் இதைப் படித்தவர் கட்டாயம் போன் செய்வார். குறிப்பிட்ட சில என்றால் எவை? என் டெஸ்ட் அதில் உண்டா? எட்டா, பன்னிரண்டா? தண்ணீர் உணவா? கடைசி வாக்கியம் போன் செய்யுங்கள் என்றே அழைக்கிறது. போனைக் குறைக்க எழுதிய பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் எதற்கு என்று கேட்டால், மரியாதைக்காகப் போட்டோம் என்றார்கள்.

பேசிப் பேசித் திருத்தி எழுதியது இப்படி வந்தது:

‘வெறும் வயிற்றில் வர வேண்டுமா?
சாப்பிடும் முன் எடுக்கும் சுகர், கொலஸ்ட்ரால்: ஆமாம். காலை 7 மணிக்கு ரத்தம் கொடுப்பதானால் முந்தின இரவு 9 மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.
மூன்று மாத சுகர், தைராய்டு மட்டும் என்றால்: வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வரலாம்.
தண்ணீர் குடிக்கலாம். பல் தேய்க்கலாம். டீ, காபி, பால், ஜூஸ், இளநீர் கூடாது. சர்க்கரை இல்லாமலும் கூடாது.
தவறிச் சாப்பிட்டுவிட்டீர்களா? வந்து முதலிலேயே சொல்லுங்கள். மூன்று மாத சுகர், தைராய்டு அன்றைக்கே எடுப்போம். மற்றவற்றை மறுநாள் காலை எடுக்கலாம்.’

இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். கேள்வி அவர் வாயில் வரும் வார்த்தையில் இருக்கிறது. பதிலின் முதல் சொல்லே ‘ஆமாம்’ அல்லது ‘வேண்டாம்’. இரவு ஒன்பதே காலுக்குச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு படிக்கிறவருக்கு அந்த ஒரு சொல்தான் தேவை.

அடுத்தது கடிகாரம். 10 மணி நேரம் என்று எழுதினால் கணக்குப் போடும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது. சாப்பிடத் தொடங்கியதிலிருந்து எண்ணுவதா, முடித்ததிலிருந்து எண்ணுவதா என்று வேறு குழப்பம். ‘7 மணிக்கு வந்தால் 9 மணிக்குள்’ என்றால் எட்டரைக்கு வருகிறவரும் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். அதோடு, ‘குறைந்தது 8 மணி நேரம்’ என்று மட்டும் எழுதினால் இன்னொரு தொல்லை உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாள் மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு வந்து நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறிய பட்டினியும் முடிவை மாற்றும். ஊசி குத்தும்போது இவர் மயங்கி விழவும் கூடும்.

தவறிச் சாப்பிட்டவருக்கான வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. லேப் டாக்டர் தயங்கினார். இப்படி எழுதினால் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்களே என்றார். உண்மையில் இப்போது நடப்பது என்ன? சாப்பிட்டவர், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, “ஒண்ணும் சாப்டல” என்று சொல்லி ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார். சுகர் கூடக் காட்டுகிறது, டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். முதலிலேயே சொன்னால் திட்ட மாட்டோம், பாதி வேலையாவது இன்றைக்கே முடியும் என்று தெரிந்தால் உண்மை பேசுவார். போன் குறைகிறதோ இல்லையோ, இந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

இதை எழுதும் முன்னால் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. கொலஸ்ட்ராலுக்கு எத்தனை மணி நேரம் என்று ரிசப்ஷனில் கேட்டால் 12 என்றார்கள். ரத்தம் எடுக்கும் தம்பி 10 என்றார். சில டாக்டர்கள் வெறும் வயிறே வேண்டாம் என்று சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். அவர்கள் சொல்வதும் தவறில்லை. வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்டுக்குப் பட்டினி அவசியமில்லை என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2016இல் சொல்லியிருக்கிறது. பழைய முறையையே பின்பற்றும் டாக்டர்களும் நிறைய இருக்கிறார்கள். ஒரே கேள்விக்கு மூன்று பதில் இருந்தால் மக்கள் மூன்று இடத்தில் கேட்டுவிட்டு நான்காவதாக உங்களுக்கு போன் செய்வார்கள். அதனால் லேப் டாக்டர் தலைமையில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பதிலுக்கு வந்தார்கள்: நாங்கள் சொல்வது 10 மணி நேரம், உங்கள் டாக்டர் சீட்டில் வேறு எழுதியிருந்தால் அவர் சொன்னபடி. ரிசப்ஷனும் தம்பியும் அன்றிலிருந்து இதையே சொல்ல வேண்டும். பக்கம் ஒன்று சொல்லி, போனில் வேறு சொன்னால் பக்கத்தை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

சாப்பிட்ட பின் எடுக்கும் சுகருக்கும் இதே கதைதான். ‘உணவுக்குப்பின் 2 மணி நேரம்’ என்று பில்லில் இருந்தது. கைகழுவியதிலிருந்து இரண்டு மணி நேரம் என்று ஒருவர் எண்ணுகிறார், லேப்புக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லி ஆர்டர் செய்ததிலிருந்து இன்னொருவர் எண்ணுகிறார். ‘முதல் வாய் எடுத்து வைக்கும்போது மணியைப் பாருங்கள். 8 மணி என்றால் 10 மணிக்கு ரத்தம். நடுவில் எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும்’ என்று மாற்றினோம். மூன்று வாக்கியம். அதற்குமேல் அந்தக் கேள்வியில் எழுத எதுவும் இல்லை.

இப்போது, எழுதக்கூடாத பதில் ஒன்றைச் சொல்கிறேன். “சுகர் மாத்திர போட்டுட்டு வரலாமா?” நோட்டில் இதுவும் அடிக்கடி வந்த கேள்விதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பக்கத்தில் முதல் ஐந்துக்குள் வர வேண்டியது. ரிசப்ஷனில் இருந்தவர் இத்தனை நாளும், “போடாம வாங்க, எடுத்த பிறகு போட்டுக்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலானவர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் இன்சுலின் போடுகிறவர் இருக்கிறார், இரண்டு மூன்று மாத்திரை சேர்த்துப் போடுகிறவர் இருக்கிறார், சிறுநீரகக் கோளாறோடு இருப்பவர் இருக்கிறார். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் காத்திருந்தால் சுகர் சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில் எழுத முடியாத கேள்வி இது. பக்கத்தில் இப்படி எழுதினோம்: ‘இதை நாங்கள் சொல்லக்கூடாது. டெஸ்ட் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் காலையில் வந்ததும் கவுன்டரில் சொல்லுங்கள். உங்களுக்கு முதலில் ரத்தம் எடுத்து அனுப்புவோம்.’ தைராய்டு மாத்திரைக்கு மட்டும், ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்று லேப் டாக்டரே துணிந்து எழுதினார். அது வழக்கமான நடைமுறை.

இரண்டாவது வாக்கியத்தோடு நிறுத்தாமல், இன்சுலின் போடுகிறவருக்கு நாம் செய்யக்கூடியதைச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். டாக்டரைக் கேளுங்கள் என்று மட்டும் எழுதினால் கைகழுவியதுபோல் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துபோய், “இது கூட இருக்குதே, ஏதாச்சும் ஆபத்தா?” என்று கேட்கிறவருக்கும் பக்கம் உதவாது. அந்த போனை மனிதர்தான் எடுக்க வேண்டும். மற்ற போன்கள் குறைந்தால்தான் அவருக்கு நேரம் ஒதுக்க முடியும்.

விலை. இதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். “மூணு மாச சுகர் எவ்ளோ ஆவும்?” என்ற கேள்விக்கு எந்த முதலாளியும் பதில் எழுத விரும்புவதில்லை. ‘விலைக்கு அழைக்கவும்’ என்று போட்டுவிடுகிறார்கள். ஜவுளியில் ‘இன்பாக்ஸில் கேளுங்கள்’. காரணம் கேட்டால், போனில் பேசினால் ஆளைப் பிடித்துவிடலாம் என்கிறார்கள். அப்படியானால் போன் அதிகமாக வருகிறது என்று புலம்பக்கூடாது. நீங்களே கூப்பிட்டு வரவழைத்த போன் அது. பக்கத்து லேப்காரர் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துவிடுவார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் ஒரு போன் போட்டால் அவருக்கும் விலை தெரிந்துவிடும், அவர் எப்போதோ போட்டும் இருப்பார். இந்த லேப்பில் அதிகம் நடக்கும் பத்து டெஸ்டுகளுக்கு மட்டும் விலையைப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து எடுத்தால் கூடுதலாக எவ்வளவு, எந்தெந்தப் பகுதிக்கு வருவோம், எந்தப் பகுதிக்கு வரமாட்டோம் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். ‘வரமாட்டோம்’ என்று எழுதத்தான் கை வரவில்லை. ‘வர இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று வளைத்து எழுதியதை நான் அடித்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் படித்துவிட்டு, எனக்குமா என்று கேட்க போன் செய்வார்.

எழுதி முடித்த பக்கத்தில் மொத்தம் பன்னிரண்டு கேள்விகள். நாற்பது எழுதலாம், நோட்டில் அவ்வளவு இருந்தது. ஆனால் நாற்பதில் தன் கேள்வியைத் தேடுவதைவிட போன் செய்வது சுலபம். பிரிட்டிஷ் அரசின் GOV.UK தளத்தை நடத்துகிறவர்கள் இந்த மாதிரிக் கேள்வி-பதில் பக்கமே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியதை அதற்குரிய இடத்தில் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் தனியாக ஒரு பக்கம் எதற்கு, ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று பழசாகும் என்பது அவர்கள் வாதம். பெரிய தளத்துக்கு அது சரி என்றே நினைக்கிறேன். நம்முடைய தொழில்களில் வேறு பக்கம் என்றே ஒன்று இருப்பதில்லை. ஒரு முகவரி, ஒரு போன் நம்பர், நாலு போட்டோ. இதுதான் ஒரே பக்கம். ஆனாலும் அவர்கள் சொல்வதில் ஒன்றை எடுத்துக்கொண்டோம்: சந்தேகம் எங்கே வருகிறதோ பதில் அங்கே இருக்க வேண்டும்.

வெறும் வயிறு பற்றிய சந்தேகம் எங்கே வருகிறது? வீட்டில், முந்தின இரவு எட்டரை மணிக்கு, சாப்பிட உட்காரும்போது. அப்போது யாரும் லேப்பின் தளத்தைத் தேடிப் போக மாட்டார்கள். கையில் இருப்பது டாக்டர் சீட்டும் போனும். எனவே பக்கத்து டாக்டர் கிளினிக்குகளுக்கு லேப் கொடுக்கும் சீட்டுப் புத்தகத்தின் பின்புறத்தில் அந்த ஐந்து வரியை அச்சடித்தார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு முந்தின நாள் மாலை 6 மணிக்கு வாட்ஸ்அப்பில் அதே வரிகள் போகும். வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பதிலைச் சேமித்துவைத்து, `/fasting` என்று தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். ரிசப்ஷன் பெண்ணுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை நேரத்தைப் பக்கத்தில் எழுதியதோடு கூகுள் மேப்பிலும் திருத்தினோம், ஏனென்றால் கடை திறந்திருக்கிறதா என்று மக்கள் அங்கேதான் பார்க்கிறார்கள். அங்கே 24 மணி நேரமும் திறந்திருப்பதாக யாரோ எப்போதோ போட்டுவைத்திருந்தார்கள். நள்ளிரவில் போன் அடித்த காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

தளத்தில் போடும்போது வடிவமைப்பாளர் ஒவ்வொரு பதிலையும் மடித்து, கேள்வியைத் தொட்டால் விரியும்படி செய்திருந்தார். பன்னிரண்டு கேள்விக்கு அது தேவையில்லை என்று எல்லாவற்றையும் விரித்தே வைத்தோம். வயதானவர்களுக்கு அந்தக் கூட்டல் குறி பொத்தான் என்றே தெரியாது. போன் நம்பரை அடியில் சின்னதாகப் போடலாம், போன் குறையும் என்றும் அவர் ஒரு யோசனை சொன்னார். போன் குறையும்தான், சந்தேகம் குறையாது, ஆள் வேறு லேப்புக்குப் போய்விடுவார். நம்பர் மேலேயே, பெரிதாகவே இருக்கிறது.

பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது? பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை இதற்கு உதவாது. மொத்த போன்களை எண்ணுவதும் உதவாது, வியாபாரம் கூடினால் போனும் கூடும். ஒரு மாதம் கழித்து, மாதத்தின் அதே இரண்டு வாரங்களில், மறுபடி நோட்டை வையுங்கள். 100 பில்லுக்கு இந்தக் குறிப்பிட்ட கேள்வி எத்தனை முறை வந்தது என்று முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். குறையாத கேள்வி எதுவோ அதைக் கேட்டவரிடம் ரிசப்ஷனில் ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “மெசேஜ் வந்துதா சார், பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்றால் பதில் தவறான இடத்தில் இருக்கிறது. பார்த்தேன், புரியவில்லை என்றால் எழுத்தில் கோளாறு. மூன்றாவதாக ஒரு பதில் வரும், அதுதான் சுவாரசியம்: “பாத்தேன்மா, எதுக்கும் ஒரு தடவ கேட்டுக்கலாம்னு.” தண்ணீர் விஷயத்தில் இதுதான் நடந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறார்கள். வெறும் வயிறு என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கலாம் என்றால் மனம் ஒப்பவில்லை. வீட்டில் பாட்டி வேறு, ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்கிறார். இங்கே பதில் இருந்தும் நம்பிக்கை வரவில்லை. அதற்கு மருந்து, காரணத்தைச் சொல்வது. ‘தண்ணீர் குடிக்கலாம்; அதில் சர்க்கரையும் கொழுப்பும் இல்லை. குடித்துவிட்டு வந்தால் நரம்பும் சுலபமாகக் கிடைக்கும்’ என்று சேர்த்தோம். அந்த வரியைப் பாட்டியிடமும் வாசித்துக் காட்டலாம். எல்லாப் பதிலுக்கும் காரணம் வேண்டாம்; பதில் நீளும். நம்ப மறுக்கிறார்கள் என்று நோட்டு காட்டும் இடத்தில் மட்டும் போதும்.

கடைசியாக ஒரு வேலை. இந்தப் பக்கத்துக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பாக இருக்க வேண்டும். விலை மாறும், பொங்கலுக்கு நாலு நாள் நேரம் மாறும், ரத்தம் எடுக்க வீட்டுக்குப் போகும் தம்பி வேலையை விட்டுப் போவார். மாறிய அன்றைக்கே திருத்தாவிட்டால், பக்கத்தை நம்பி விடியற்காலையில் பஸ் ஏறி வந்தவர் பூட்டிய ஷட்டரைப் பார்ப்பார். பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதியைப் போடுங்கள். அந்தப் பொறுப்பை மகனிடமோ வடிவமைப்பாளரிடமோ கொடுக்காதீர்கள். போன் எடுக்கிறவரிடம் கொடுங்கள். முதல் வரைவையும் அவரையே எழுதச் சொல்லுங்கள்; இந்த லேப்பில் கடைசிவரை நின்ற வாக்கியங்களில் பாதிக்குமேல் அந்த ரிசப்ஷன் பெண் போனில் பேசிப் பேசிப் பழகிய வாக்கியங்கள்தான். அதற்கு நேரம் வேண்டும் என்றால் இரண்டு வாரம் அவருக்கு உதவிக்கு ஓர் ஆளைப் போடுங்கள். செலவுதான். செய்யுங்கள்.